கண்டக்டர் சென்னியப்பனின் ரீஃபண்டு வட்டி

சென்னியப்பன் என் ஆபீசில் குரலை உயர்த்திப் பேசியது ஒரே ஒரு நாள்தான். 2022 ஜூலை மாதம், ரிட்டர்ன் போடுகிற நெரிசல் நேரம். முப்பத்தொரு வருடம் கூட்ட பஸ்ஸில் கத்தியே பிழைத்த மனிதர், மற்றபடி என்னிடம் குரலை எடுத்ததே இல்லை. அன்றைக்கு எடுத்தார். நியாயமாகத்தான் எடுத்தார். கொஞ்சம் என் மேலும் தப்பு இருந்தது. அதை வருகிற இடத்தில் சொல்கிறேன்.

ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எனக்கு ஆபீஸ். வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பென்ஷன்காரர்கள், ஜவுளிக் கடைக்காரர்கள், இரண்டு மூன்று வாத்தியார்கள் என்று ஒரு முந்நூறு பேர் எனக்கு. அதில் சென்னியப்பன் மாதிரி இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அவர் ஈரோடு, தாராபுரம் வண்டியில் கண்டக்டராக இருந்தவர். கண்டக்டர் வேலைக்கு ஒரு சட்டம் உண்டு. காலையில் வண்டி ஏறுமுன், சட்டைப் பையில் சொந்தக் காசு எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதைச் சீட்டில் எழுதிவிட வேண்டும். வழியில் செக்கர் ஏறிப் பையைக் கொட்டி எண்ணும்போது, விற்ற டிக்கெட்டுக்கு மேல் ஒரு ரூபாய் இருந்தால் அது எப்படி வந்தது என்று கேள்வி. குறைந்தால் அதைவிடச் சுலபம், கைக்காசைப் போட்டுக் கட்டிவிட வேண்டும். கடைசி வருடங்களில் சென்னியப்பன் தினமும் சொந்தக் காசு என்று இருபது ரூபாய் எழுதுவார். டீக்குப் பத்து, திரும்பி வரும்போது டீக்குப் பத்து. முப்பத்தொரு வருடத்தில் எந்தச் செக்கரும் அவர் பையில் ஒரு பைசா பிசகைக் கண்டதில்லை. சில்லறை பாக்கி வைத்தால் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, ஆள் இறங்குவதற்குள் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவார். தாராபுரத்தில் இறங்கி நடந்து போய்விட்ட ஒரு கிழவருக்கு மூன்று ரூபாய் கொடுக்க, வண்டியை டிரைவரிடம் விட்டுவிட்டு உழவர் சந்தை வரை ஓடியிருக்கிறார். இதை அவர் மனைவி பாவாத்தாள் பெருமையாகச் சொல்ல மாட்டார், திட்டாகத்தான் சொல்வார்.

இப்படிப்பட்ட ஆளின் காசைத்தான் வரித்துறையில் நாற்பத்தைந்து மாதம் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

2018 ஜனவரியில் அவர் ஓய்வு பெற்றார். அந்த வருடம் சம்பள நிலுவையும் மற்றதும் சேர்ந்து வந்ததில், வரியைத் தேவைக்கு மேல் பிடித்துவிட்டார்கள். ஜூலையில் நான்தான் ரிட்டர்ன் போட்டேன். கெடுவுக்குள் போட்டாயிற்று. ஐம்பத்தெட்டாயிரத்து நானூற்று எழுபது ரூபாய் திரும்பி வர வேண்டும். இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்று சொன்னேன். அந்தக் காசைக் கண் ஆபரேஷனுக்கு என்று அவர் மனதுக்குள் ஒதுக்கிவிட்டார். இரண்டு கண்ணிலும் புரை. டெபாசிட்டை உடைக்க மாட்டார். ரீஃபண்டு வரட்டும், ஒன்றாகப் பண்ணிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டார்.

வரவில்லை. அவர் பான் எண்ணின் மேல் ஏதோ பழைய பாக்கி ஒன்று நிற்கிறதாம், அது தீராமல் கொடுக்க முடியாதாம். எந்தப் பாக்கி? வேறு யாரோ ஒரு புண்ணியவான் கட்ட வேண்டியது, எண் மாறி இவர் தலையில் ஏறியிருந்தது. அது எங்களுடையது இல்லை என்று எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில். மறுபடி எழுதினேன். மறுபடியும் பரிசீலனை. நேரில் போனால் இங்கே இல்லை, அங்கே என்றார்கள். அங்கே போனால் ஆன்லைனில் போடுங்கள் என்றார்கள். மாதம் பிறந்தால் சென்னியப்பன் படியேறி வருவார். "வந்துச்சுங்களா அம்முணி?" என்பார். இல்லை என்றால் வந்த வழியே இறங்கிவிடுவார். வருடம் மூன்று போயிற்று.

2021 மார்ச்சில் ஒரு நாள், சென்னிமலை போக வேண்டியவர் போர்டு தெரியாமல் கோபி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கவுந்தப்பாடி தாண்டித்தான் தெரிந்திருக்கிறது. அப்போதுதான் டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டர் இவரிடம் வேலை பழகிய பையன். "அண்ணா, நீங்களா?" என்று அவன் கேட்டது இவருக்குச் செத்துப் போகலாம் போல இருந்திருக்கிறது. அதற்கப்புறம் காத்திருக்க முடியவில்லை. ஏப்ரலில் ஒரு கண்ணைப் பண்ணிக்கொண்டார். இருபத்தோராயிரம் ரூபாய், டெபாசிட் வட்டியிலிருந்து எடுத்து, நோட்டை அடுக்கி, எண்ணிக் கவுண்டரில் வைத்தார். அக்டோபரில் இன்னொரு கண்.

அவர் பெயரில் நின்ற அந்தப் பாக்கியைச் சொல்லாமல் கொள்ளாமல் நீக்கிவிட்டு, டிசம்பர் ஆறாம் தேதி காசைப் போட்டார்கள். எழுபத்தோராயிரத்து அறுநூற்றுப் பத்து. அவர் ஒரு கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு வந்தார். காசு அதிகமாக வந்திருக்கிறது, யாருடையதையோ சேர்த்துப் போட்டுவிட்டார்கள், திருப்பிக் கட்ட வேண்டும் என்றார். பையில் காசு கூடினால் அவருக்குத் தூக்கம் வராது. அதிகம் இல்லை, பதின்மூவாயிரத்து நூற்று நாற்பது வட்டி என்று சொன்னேன்.

எப்படி வந்தது என்று கேட்டுப் பேனாவை எடுத்தார். சொன்னேன். வரிக்கு உரிய வருடம் முடிந்ததும் வருகிற ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து வட்டி ஓடும், ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தால். தாமதமாகப் போட்டிருந்தால் போட்ட தேதியிலிருந்துதான். மாதத்துக்கு நூற்றுக்கு அரை ரூபாய், தனி வட்டி. வட்டிக்கு வட்டி கிடையாது. மாதத்தில் ஒரு நாள் ஓடினாலும் அது முழு மாதம். 2018 ஏப்ரலிலிருந்து 2021 டிசம்பர் வரை நாற்பத்தைந்து மாதம். அசலில் நூறுக்குக் கீழே உள்ளதைத் தள்ளிவிடுவார்கள், அதனால் ஐம்பத்தெட்டாயிரத்து நானூறுக்குத்தான் வட்டி. மாதம் இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. நாற்பத்தைந்தால் பெருக்கினால் பதின்மூவாயிரத்து நூற்று நாற்பது.

அவர் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. டிசம்பரில் ஆறு நாளுக்கு முழு மாதம் கொடுத்திருப்பதை நியாயம் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த எழுபது ரூபாயை விடவில்லை. எழுபது ரூபாய்க்கு நாற்பத்தைந்து மாத வட்டி பதினைந்தே முக்கால் ரூபாய் ஆகிறதே, அதை யார் பாக்கெட்டில் போட்டார்கள் என்று கேட்டார். விதி அப்படி என்றேன். ஐந்து பைசா குறைந்தால் எங்களிடம் பிடித்தார்களே, அது என்ன விதி என்று கேட்டுவிட்டு, மிக்சரைப் பிரித்து எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கேதான் என் தப்பு. அந்த வருடம் ரிட்டர்னுக்குக் கெடுவை டிசம்பர் முப்பத்தொன்று வரை தள்ளிவைத்திருந்தார்கள். ஆபீசில் நிற்க இடமில்லை. அந்த அவசரத்தில், இந்த வட்டிக்கு வரி உண்டு என்று அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அசலுக்கு வரி இல்லை. அது அவர் காசு அவரிடம் திரும்பி வந்தது. வட்டி அப்படியில்லை. அது புது வருமானம், கைக்கு வந்த வருடத்தின் கணக்கில் ஏற வேண்டும். டிசம்பரிலேயே சொல்லியிருந்தால் மார்ச்சுக்குள் வரிக் கழிவு உள்ள சேமிப்பில் ஏதாவது போடச் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. மிக்சரைத் தின்றுகொண்டு சும்மா இருந்தேன்.

ஜூலையில் அவர் கணக்கைப் போட உட்கார்ந்தபோது, வரித்துறை தன் தளத்தில் வைத்திருக்கும் தகவல் அறிக்கையில் அந்தப் பதின்மூவாயிரத்து நூற்று நாற்பது கொட்டை எழுத்தில் நின்றது. காசைக் கொடுக்க நாற்பத்தைந்து மாதம் ஆயிற்று. கொடுத்ததை எழுதி வைக்க ஒரு நாள்கூட ஆகவில்லை.

பென்ஷன், மாடி வீட்டு வாடகை, டெபாசிட் வட்டி எல்லாம் சேர்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்தால் அவர் வருமானம் நான்கு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து அறுநூறு. ஐந்து லட்சம் வரை இருந்தால் போட்ட வரி முழுதையும் தள்ளுபடி செய்வார்கள், ஒரு பைசா கட்ட வேண்டாம். ஆனால் ஐந்து லட்சத்தை ஒரு அடி தாண்டினால் தள்ளுபடி மொத்தமும் போய்விடும். ரீஃபண்டு வட்டியைச் சேர்த்தேன். ஐந்து லட்சத்து ஏழாயிரத்து எழுநூற்று நாற்பது. மூத்த குடிமகனுக்கு முதல் மூன்று லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த இரண்டு லட்சத்துக்கு ஐந்து சதவீதம், பத்தாயிரம். மீதி ஏழாயிரத்து எழுநூற்று நாற்பதுக்கு இருபது சதவீதம், ஆயிரத்து ஐநூற்று நாற்பத்தெட்டு. அதன் மேல் நாலு சதவீதம் செஸ். மொத்தம் பன்னிரண்டாயிரத்துப் பத்து ரூபாய்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மாறவில்லை. பதின்மூவாயிரத்து நூற்று நாற்பது கொடுத்து, பன்னிரண்டாயிரத்துப் பத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். நாற்பத்தைந்து மாதத்துக்கு மிஞ்சுவது ஆயிரத்து நூற்று முப்பது. மாதம் இருபத்தைந்து ரூபாய். அவர் ஒரு நாளைக்கு இரண்டு டீக்கு என்று எழுதிய காசைவிட ஐந்து ரூபாய் அதிகம்.

அவரை வரச் சொன்னேன். பாவாத்தாளும் கூடவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னேன். சென்னியப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"வட்டிக்கு வரியா? என்ற காசை வெச்சிருந்தது அவிய. தர மாட்டேன்னது அவிய. அதுக்குத் தந்த வட்டில பத்துல ஒம்பது பங்கைத் திருப்பிக் குடுன்னா, இது எந்த ஊரு ஞாயமுங்க அம்முணி?"

கீழே பேக்கரியில் கேட்டிருக்கும். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். டெபாசிட் வட்டியில் ஐம்பதாயிரம் கழித்துக் கொடுக்கிறீர்களே, இதையும் அதில் தள்ளுங்கள் என்றார். அந்தக் கழிவு வங்கி, தபால் ஆபீஸ் மாதிரி இடங்களில் போட்ட டெபாசிட்டின் வட்டிக்குத்தான், ரீஃபண்டு வட்டிக்கு இல்லை. அதுவும் ஐம்பதாயிரம் ஏற்கனவே தீர்ந்துவிட்டது என்றேன். நாலு வருடத்து வட்டிதானே, நாலு வருடத்துக்கும் பிரித்துப் போடுங்கள், எந்த வருடமும் ஐந்து லட்சம் தாண்டாது என்றார். அதுவும் முடியாது, வந்த வருடத்தில்தான் ஏறும். சரி, நான் அவர்களுக்குக் காசு பாக்கி வைத்திருந்தால் எனக்கு என்ன வட்டி போட்டிருப்பார்கள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் என்றேன்.

"நாம வெச்சா ஒண்ணு, அவிய வெச்சா அரை." அவர் பாவாத்தாளைப் பார்த்தார். "கேட்டுக்க."

பாவாத்தாள், இதெல்லாம் அந்த அம்முணி போட்ட சட்டமா, அவளிடம் எதற்குச் சத்தம் என்று கேட்டார். அந்த இடத்தில்தான் என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. டிசம்பரிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும், மார்ச்சுக்குள் ஏழாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய் சேமிப்பில் போட்டிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம், மறந்தது நான், அதனால் அந்தப் பன்னிரண்டாயிரத்துப் பத்தை நான் கட்டிவிடுகிறேன் என்றேன். சத்தியமாகக் கட்டுவதாகத்தான் இருந்தேன். பீரோவில் என் மகளின் ஸ்கூல் பீசுக்கு வைத்திருந்த காசு இருந்தது.

ஷார்டேஜை யார் கட்ட வேண்டும் என்பதில் சென்னியப்பனுக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. பை யார் தோளில் இருந்ததோ அவர்தான். அதனால் சரி கட்டுங்கள் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"உங்க பைல இருந்து போன காசில்லீங் இது," என்றார். "நீங்க ஏன் கட்டோணும்?"

பிறகு உட்கார்ந்தார். கோபம் தணியவில்லை. எல்லாரும் சேர்ந்துதான் தன்னை ஏய்க்கிறார்கள் என்று ஆரம்பித்துவிட்டார். வரிக்காரன் காசைத் தராததால் கண்ணைத் தள்ளிப் போட்டது, கோபி வண்டியில் ஏறியது, அந்தப் பையன் பார்த்த பார்வை. எங்கே போனாலும் நேராக எண்ணிக் கொடுக்கிற காசுக்கு மரியாதை இல்லை. இரண்டாவது கண்ணுக்குப் போனால் ஆஸ்பத்திரியில் கொரோனா என்று சொல்லிக் காசுக் கவுண்டரையே மூடிவிட்டார்கள். இருபத்தோராயிரத்து ஐநூறு ரூபாயை எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுபோனதைப் பில் போடுகிற பெண் கையால் தொட மாட்டேன் என்றுவிட்டாள். நோட்டைத் தொட்டால் சாகிறதாக இருந்தால் நான் முப்பத்தொரு வருடத்தில் எத்தனை தடவை செத்திருக்க வேண்டும் என்று அவளைக் கேட்டிருக்கிறார். பென்ஷன் வருகிற பேங்க் அட்டையைத் தேய்க்கச் சொன்னாளாம். வேறு வழி இல்லாமல் அவளைக் கண்டபடி திட்டிவிட்டுத் தேய்த்தாராம்.

நான் எழுந்துவிட்டேன். அந்த பில் எங்கே என்று கேட்டேன்.

அறுபது தாண்டியவருக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால், வைத்தியத்துக்குச் செய்த செலவை ஐம்பதாயிரம் வரை வருமானத்தில் கழிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை, ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. சென்னியப்பனுக்குக் காப்பீடு கிடையாது. அவர் கண் ஆபரேஷன் பண்ணியது எனக்குத் தெரியும். ஆனால் எந்தக் காலத்திலும் அவர் எதையும் ரொக்கமாகத்தான் கொடுப்பார் என்பதால் நான் பில்லைக் கேட்கவே இல்லை. அட்டை தேய்த்தார் என்று யார் கண்டது?

பாவாத்தாள் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் ஆஸ்பத்திரிப் பையோடு எடுத்து வந்தார். இரண்டு பில்லையும் மேஜையில் பரப்பினேன். ஏப்ரல் பில், ரொக்கம். அக்டோபர் பில், அட்டை. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஐந்து லட்சத்து ஏழாயிரத்து எழுநூற்று நாற்பதில் இருபத்தோராயிரத்து ஐநூறு போனால், நான்கு லட்சத்து எண்பத்தாறாயிரத்து இருநூற்று நாற்பது. ஐந்து லட்சத்துக்குள். வரி ஒன்பதாயிரத்துச் சொச்சம் வந்து, தள்ளுபடியில் முழுதும் போய், கட்ட வேண்டியது பூஜ்யம். ரீஃபண்டு வட்டியை ஒரு ரூபாய் குறைக்காமல், இதர வருமானம் என்ற இடத்தில் அப்படியே காட்டினேன். அவரே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்கு முகம் மாறவில்லை. ஏப்ரல் பில்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதுவும் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர், இதுவும் என் கண்தான், இது ஏன் சேராது என்று கேட்டார். ரொக்கம் என்றேன்.

"அப்ப அந்தப் புள்ள அன்னிக்கு நான் சொன்னதைக் கேட்டுக் காசை வாங்கியிருந்தா?"

"பன்னிரண்டாயிரத்துப் பத்து கட்டியிருப்பீங்ணா."

அவர் பில்லை மடித்து உறைக்குள் வைத்தார். என் பீஸ் ஐநூறு ரூபாயை நோட்டாக எண்ணி வைத்தார். நான் வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்கள்.

மறுவாரம் பாவாத்தாளைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவர் எங்கே என்று கேட்டதற்கு, ஒரு கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார் என்றார். மறுபடி கண்ணா என்று கேட்டேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லையாம். அந்தப் பில் போடுகிற பெண்ணைத் தேடிப் போயிருக்கிறார். அன்றைக்குத் திட்டியது தப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டு வராமல் சோறு இறங்காது என்றாராம். அந்தப் பெண்ணுக்கு இவரை யாரென்றே ஞாபகம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிட்டு வந்தார் என்று பின்னால் தெரிந்தது.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் கத்தியதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். நாற்பத்தைந்து மாதம் அவர் காசை வைத்திருந்தவர்களிடமிருந்து தவறு எங்களுடையது என்று ஒரு வரி இன்று வரை வரவில்லை. அவர் இன்னும் மாதம் பிறந்தால் வருகிறார். இப்போது படியேறி வந்து, "அந்தப் பதினஞ்சே முக்கா ரூவா வந்துச்சுங்களா அம்முணி?" என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். வந்த வழியே இறங்கிவிடுகிறார்.